மூன்று எண்களும் பல சட்டங்களும்: சேர்வராயன் மலை மக்களுக்கு ஒரு திறந்த மடல்

ஏற்காடு வட்டத்தில் கைப்பேசிக் கடையும் தேநீர்க் கடையும் தங்கும் விடுதியும் நடத்துவோருக்கும், காப்பித் தோட்டங்களிலும் மிளகுத் தோட்டங்களிலும் வேலை பார்த்து மாலையில் கைப்பேசி வழியே பணம் கட்டி விளையாடுவோருக்கும், மலையழகைக் காணொளிகளாக எடுத்துப் பதிவிட்டு ஓரளவு பின்தொடர்வோரைச் சேர்த்துக்கொண்டுள்ள இளைஞர்களுக்கும்,



சூதாட்டத்தால் பணம் போகும் என்பதை எவரும் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. கட்டி இழந்தவர்கள் அதை நன்கறிவர். இம்மடல் எடுத்துரைப்பது பணத்தை விடக் குறைவாகவே பேசப்படும் வேறொன்றை. ஒரே விளையாட்டில் கைவைத்த நால்வருக்குச் சட்டம் நான்கு வெவ்வேறு பெயர்களைச் சூட்டுகிறது. தம்மை வெறும் ஆட்டக்காரராக எண்ணிக்கொண்டிருக்கும் ஒருவர், வழக்கு பதிவாகும் நாளில் முகவராகவோ விற்பனையாளராகவோ நிற்க நேரிடுகிறது. சிறிய குற்றம் என்று பலரும் கருதும் மூன்று நம்பர் லாட்டரியோ, பெரிய நிறுவனங்களின் செயலிகளை விட ஆட்டக்காரருக்குக் கடுமையான சட்டத்தின்கீழ் வருகிறது.

தமிழக அரசு 2003 ஜனவரியில் மாநிலத்துக்குள் எல்லா லாட்டரிச் சீட்டுகளின் விற்பனையையும் தடை செய்தது. அதற்கான அதிகாரத்தை வழங்கியது 1998ஆம் ஆண்டின் லாட்டரிகள் (ஒழுங்குமுறை) சட்டம் என்னும் மத்தியச் சட்டம். பிற மாநிலங்கள் நடத்தும் லாட்டரியைத் தன் எல்லைக்குள் விற்கக் கூடாதெனத் தடுக்க அதன் 5ஆம் பிரிவு ஒரு மாநிலத்துக்கு உரிமை தருகிறது. கேரளத்தில் 1967இல் தொடங்கி இன்றளவும் அரசே நடத்தும் லாட்டரி அங்குச் சட்டப்படியானது. அங்கு சென்று கடையில் சீட்டு வாங்கிய சேலத்துக்காரர் அதனால் குற்றவாளி ஆவதில்லை. அச்சீட்டுக் கட்டுகளை மலைக்குக் கொண்டுவந்து விற்பவர் குற்றவாளி ஆவார். கேரள அரசு தன் சீட்டை அச்சிட்ட தாளாக மட்டுமே விற்கிறது, இணையத்தில் விற்பதில்லை என்பதையும் சேர்த்து நினைவிற்கொண்டால், கைப்பேசியில் 'கேரளா லாட்டரி' என்று வரும் எந்த அழைப்பும் கேரள அரசிடமிருந்து வருவதன்று என்பது தெளிவாகும்.

மூன்று நம்பர் லாட்டரி என்பது கேரளத்தின் லாட்டரியே அன்று. திருவனந்தபுரத்தில் பிற்பகல் 3 மணியளவில் நடக்கும் குலுக்கலில் முதற்பரிசு பெறும் எண்ணின் கடைசி மூன்று இலக்கங்கள் எவையாக இருக்கும் என்று, அக்குலுக்கலோடு எத்தொடர்பும் இல்லாத ஒரு கூட்டத்திடம் கட்டும் பந்தயமே அது. கேரள அரசின் குலுக்கல் வெளியிடும் எண்ணை அவர்கள் இரவலாகப் பெற்றுக்கொள்கிறார்கள். முடிவை எவரும் திரித்துவிட முடியாது என்ற நம்பிக்கையை ஆட்டக்காரரிடம் உண்டாக்குவதற்கு அதுவே அவர்களுக்கு உதவுகிறது. பணத்தைச் சேர்ப்பதும் கொடுப்பதும் கொடுக்காமல் ஓடுவதும் முழுக்க அவர்கள் கையில் இருக்கின்றன. கேரளத்திலும் இவ்வகைப் பந்தயம் குற்றமே.

இதன் கணக்கு எளியது. 000 முதல் 999 வரை ஆயிரம் எண்கள் உள்ளன. புரிதலுக்காக மட்டும், 30 ரூபாய் கட்டினால் 15,000 ரூபாய் தருவதாக ஒருவர் சொல்வதாகக் கொள்வோம். ஆயிரம் பேர் ஆளுக்கொரு எண்ணில் கட்டினால் 30,000 ரூபாய் சேரும், ஒருவருக்கு 15,000 போகும், மீதிப் பாதி ஊரில் பணம் சேர்ப்பவருக்கும் அவருக்கு மேலிருப்பவர்களுக்கும் பிரியும். விலை மாறினாலும் அமைப்பு மாறுவதில்லை. 2019 டிசம்பரில் விழுப்புரத்தில் நகைத் தொழிலாளி ஒருவர், மூன்று நம்பர் லாட்டரியில் ஏற்பட்ட கடனைத் தாங்காமல் மனைவியோடும் மூன்று பெண் குழந்தைகளோடும் உயிரிழந்ததற்குப் பிறகு மாநிலமெங்கும் காவல்துறை சோதனைகளை முடுக்கியது. தடை வந்து பதினாறு ஆண்டுகள் கடந்த பின்னரும் அவ்வியாபாரம் எவ்வளவு ஆழமாக வேரோடியிருந்தது என்பதை ஊர் அறிந்தது அவ்வைவரின் சாவினால்தான். அதற்காகவாவது இதைச் சிறு விஷயமாகக் கொள்ளாதிருக்க வேண்டும்.

சட்டத்தின் பார்வையில் இது எவ்வாறு பகுக்கப்படுகிறது என்பதை ஒரு கற்பனை நிகழ்வை வைத்துக் காணலாம். நாகலூர்ப் பக்கத்துத் தோட்டத் தொழிலாளி ஒருவர் காலையில் 472 என்ற எண்ணை வாட்ஸ்அப்பில் அனுப்பி, 30 ரூபாயை ஜிபே வழியே கட்டுகிறார். பணம் சென்று சேர்வது, ரீசார்ஜ் கடை வைத்திருக்கும் இன்னொருவரின் க்யூஆர் அட்டைக்கு. அவர் அன்று வந்த நாற்பது எண்களைப் பட்டியலாகத் தட்டச்சு செய்து, தம் பங்காக நூற்றுக்கு ஒரு தொகையைக் கழித்துக்கொண்டு, சேலத்திலுள்ள மூன்றாமவர் ஒருவருக்கு அனுப்புகிறார். சேலத்துக்காரர் பயன்படுத்தும் வங்கிக் கணக்கு அவருடையதன்று. மலையடிவாரத்துக் கல்லூரி மாணவர் ஒருவர், மாதம் சிறு தொகை கிடைக்கும் என்று தம் கணக்கையும் ஏடிஎம் அட்டையையும் சிம் அட்டையையும் அவருக்குக் கொடுத்திருக்கிறார். இந்நால்வரும் ஒருவரையொருவர் நேரில் கண்டிருக்க வேண்டும் என்பதில்லை.

தமிழகக் காவல்துறை இத்தகைய வழக்குகளில் வழக்கமாகக் குறிப்பிடுவது 1998ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7(3)ஆம் பிரிவு. சட்டத்துக்கு மாறாக நடத்தப்படும் லாட்டரியில் முகவராகவோ ஊக்குவிப்பவராகவோ வணிகராகவோ செயல்படுபவரும், அதன் சீட்டை விற்பவரும், விநியோகிப்பவரும், வாங்குபவரும் இரண்டாண்டு வரை கடுங்காவல் தண்டனைக்கோ அபராதத்துக்கோ இரண்டுக்குமோ ஆளாவர் என்கிறது அப்பிரிவு. 'வாங்குபவர்' என்ற அச்சொல்லைக் கவனிக்க வேண்டும். விற்றவருக்குச் சொன்ன தண்டனையே வாங்கியவருக்கும் சொல்லப்பட்டுள்ளது. 8ஆம் பிரிவு இக்குற்றங்களைப் பிடிக்கத்தக்கவை, பிணையில் விடத்தகாதவை என்று வகைப்படுத்துகிறது. பிடிக்கத்தக்கது என்றால், நீதிமன்றத்தின் பிடியாணை இன்றியே காவல்துறை கைது செய்யலாம் என்று பொருள். பிணையில் விடத்தகாதது என்றால், ஜாமீன் காவல் நிலையத்திலேயே உரிமையாகக் கிடைக்காது, அதைத் தருவதா என்பதை நீதித்துறை நடுவர் முடிவு செய்வார் என்று பொருள்; ஜாமீனே கிடையாது என்று பொருளன்று.

எதிர்வாதம் இல்லாமலில்லை. அச்சட்டம் லாட்டரியை, சீட்டு வாங்குவதன் மூலம் பரிசு வாய்ப்பில் பங்கேற்போருக்குக் குலுக்கல் வழியே பரிசளிக்கும் திட்டம் என்று வரையறுக்கிறது. 472 என்று வாட்ஸ்அப்பில் அனுப்பிய எண் 'சீட்டு' ஆகுமா என்று வழக்கறிஞர் ஒருவர் கேட்கக்கூடும், அக்கேள்வியில் நியாயமும் உண்டு. ஆனால் அவ்வாதம் எழுப்பப்படுவது வழக்கு பதிவான பிறகே. அதற்குள் கைதும் கைப்பேசிப் பறிமுதலும் நடந்திருக்கும். அவ்வாதம் வென்றாலும், பந்தயம் என்ற பெயரில் வேறு சட்டங்கள் காத்திருக்கின்றன.

ரீசார்ஜ் கடைக்காரரின் நிலைக்கு வருவோம். தாமும் எண் கட்டுபவர்தான், ஊர்க்காரர்களுக்காகச் சேர்த்து அனுப்புவது ஓர் உதவியே என்று அவர் நம்பக்கூடும். சட்டத்தில் அவர் முகவர், விநியோகிப்பவர். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதா என்னும் புதிய தண்டனைச் சட்டத்தின் 297ஆம் பிரிவு, அரசு லாட்டரியோ அரசு அனுமதித்ததோ அல்லாத லாட்டரிக் குலுக்கலுக்கென இடம் வைத்திருப்பவருக்கு ஆறு மாதம் வரை சிறையும், அத்தகைய லாட்டரியின் எண்ணை ஒட்டிப் பணம் தருவதாக அறிவிப்பவருக்கு 5,000 ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. இதைவிடக் கவனத்துக்குரியது அதே சட்டத்தின் 112ஆம் பிரிவு. ஒரு குழுவின் உறுப்பினராக இருந்து தனித்தோ கூட்டாகவோ அனுமதியற்ற பந்தயம், சூதாட்டம், அனுமதியற்ற சீட்டு விற்பனை முதலியவற்றைச் செய்வதை அது சிறு அளவிலான அமைப்புசார் குற்றம் என்று அழைத்து, ஓராண்டுக்குக் குறையாத, ஏழாண்டு வரை நீளக்கூடிய சிறையையும் அபராதத்தையும் சேர்த்து விதிக்கிறது. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் இதற்கு இணையான பிரிவு இருக்கவில்லை. நாகலூர் முதல் சேலம் வரை நீளும் ஒரு சங்கிலி குழு ஆகுமா என்பதை நீதிமன்றம்தான் முடிவு செய்யும். ஆயினும் ஒரே வாட்ஸ்அப் குழுவில் அன்றாடம் பட்டியல் அனுப்பிய பதிவுகள் இருக்கையில், அக்குழுவைத் தாம் அறியவே இல்லை என்று சொல்வது கடினம்.

கணக்கை வாடகைக்கு விட்ட மாணவரே இச்சங்கிலியில் மிகவும் இரங்கத்தக்கவர், ஏனெனில் அவர் ஓர் எண்ணும் கட்டவில்லை. விசாரணை தொடங்குவதோ அவருடைய பெயரிலிருந்துதான்; பணம் சென்ற தடத்தில் அடையாள ஆவணத்தோடு கூடிய முதற்பெயர் அது. அதே கணக்கை மேலிருப்பவர்கள் இணையவழி மோசடிப் பணத்தைப் பெறவும் பயன்படுத்தியிருந்தால், வேறு மாநிலத்தில் ஏமாந்த ஒருவர் 1930 என்ற உதவி எண்ணில் தந்த புகாரின்மேல் கணக்கு முடக்கப்படும். நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள காவல் நிலையம் ஒன்றிலிருந்து அழைப்பாணை வரும்போதுதான், தம் பெயரில் என்ன நடந்தது என்பதையே அவர் அறிவார். குற்ற விசாரணையில் சந்தேகத்துக்குரிய சொத்தைக் கைப்பற்றக் காவல்துறைக்கு அதிகாரம் அளிப்பது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்னும் புதிய குற்ற நடைமுறைச் சட்டத்தின் 106ஆம் பிரிவு.

இனி ஆன்லைன் ரம்மிக்கும் பந்தயச் செயலிகளுக்கும் வருவோம். தமிழகத்தின் முதல் முயற்சியான 2021ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் அவ்வாண்டு ஆகஸ்ட் 3 அன்று செல்லாதென அறிவித்தது. பின்னர் ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையிலான குழுவின் அறிக்கையைத் தொடர்ந்து இயற்றப்பட்ட புதிய சட்டம், ஆளுநர் திருப்பியனுப்ப, பேரவை மீண்டும் நிறைவேற்ற, 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. ஆன்லைன் சூதாட்டத்தை, அதாவது இணையவழிப் பந்தயத்தையும் பணம் வைத்து ஆடும் அதிர்ஷ்ட விளையாட்டையும், அது தடை செய்கிறது. ஆடுபவருக்கு மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். விளம்பரம் செய்பவருக்கு ஓராண்டு வரை சிறை அல்லது 5 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். நடத்துபவருக்கு மூன்றாண்டு வரை சிறை அல்லது 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். 2023 நவம்பர் 9 அன்று உயர் நீதிமன்றம் இச்சட்டத்தை அதிர்ஷ்ட விளையாட்டுகளைப் பொறுத்தவரை நிலைநிறுத்தி, ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட விளையாட்டுகளாகப் பட்டியலிட்ட பகுதியை மட்டும் நீக்கியது. திறமை மேலோங்கும் விளையாட்டு, அதிர்ஷ்டம் மேலோங்கும் விளையாட்டு என்ற இப்பாகுபாடு, ரம்மி பெரும்பாலும் திறமை சார்ந்ததென்று 1968இல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பிலிருந்து தொடர்வது.

2025 ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்ற மத்திய அரசின் ஆன்லைன் விளையாட்டு ஊக்குவிப்பு மற்றும் ஒழுங்குமுறைச் சட்டம் இப்பாகுபாட்டையே புறந்தள்ளியது. பணம் கட்டிப் பணத்தை எதிர்பார்த்து இணையத்தில் ஆடுவது, திறமையாயினும் அதிர்ஷ்டமாயினும், அச்சட்டத்தின் சொல்லாட்சியில் ஆன்லைன் பண விளையாட்டே. அதை வழங்குவோருக்கு மூன்றாண்டு வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். விளம்பரம் செய்வோருக்கு இரண்டாண்டு வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம். ஆடுபவருக்கு அச்சட்டத்தில் தண்டனை இல்லை. அவரை அது பாதிக்கப்பட்டவராகவே கொள்கிறது. இதைக் கேள்விப்பட்ட பலர் இனி ஆடினால் வழக்கில்லை என்று முடிவு கட்டிக்கொள்கிறார்கள். அம்முடிவு தவறானது. ஒரு சட்டம் தண்டிக்கவில்லை என்பதனால் இன்னொரு சட்டத்தின் தண்டனை அழிந்துவிடுவதில்லை. தமிழகச் சட்டத்தின் மூன்று மாதமும் லாட்டரிச் சட்டத்தின் இரண்டாண்டும் தத்தம் ஏடுகளில் அப்படியே உள்ளன. கிரிக்கெட் போட்டியின் அடுத்த பந்தில் என்ன நடக்கும் என்று பணம் கட்டுவது தெளிவான பந்தயம். வென்ற தொகையில் 30 விழுக்காடு வரி பிடித்தம் ஆனதைச் சட்ட அங்கீகாரமாகக் காட்டுவதும் பயன் தராது, வருமான வரி பணத்தின் வரவைப் பார்க்கிறதே அன்றி அதன் தூய்மைக்குச் சான்றளிப்பதில்லை.

இங்கிருந்து காணொளி பதிவிடும் இளைஞர்களுக்கு ஒரு சொல். லேடிஸ் சீட்டிலிருந்தோ பகோடா பாயிண்டிலிருந்தோ எடுத்த முப்பது நொடிக் காட்சியின் அடியில் ஒரு பந்தயச் செயலியின் இணைப்பையும் பரிந்துரைக் குறியீட்டையும் ஒட்டினால், சட்டத்தில் அது விளம்பரம். ஊதியம் பெற்றாரா, பின்தொடர்வோர் எத்தனை பேர், செயலி வெளிநாட்டில் பதிவானதா என்ற கேள்விகள் தண்டனையின் அளவில் பேசப்படலாமே தவிர, அது விளம்பரம் என்பதை மாற்றா. 2025 மார்ச்சில் ஐதராபாத்தின் மியாப்பூர் காவல் நிலையத்தில் பந்தயச் செயலிகளை விளம்பரப்படுத்தியதற்காக 25 பேர்மீது வழக்கு பதிவானபோது, புகழ்பெற்ற நடிகர்களின் பக்கத்திலேயே சமூக ஊடகப் பதிவர்களின் பெயர்களும் இடம்பெற்றன. அதே ஆண்டு நவம்பரில் ஒரு வெளிநாட்டுப் பந்தயத் தளத்தின் விளம்பரம் தொடர்பாக, இரு முன்னாள் கிரிக்கெட் வீரர்களின் 11.14 கோடி ரூபாய் மதிப்புள்ள சொத்துகளை அமலாக்கத் துறை தற்காலிகமாக முடக்கியது. அவர்களுக்கு வாதாட மூத்த வழக்கறிஞர்கள் கிடைப்பார்கள். ஒரு பதிவுக்குச் சில ஆயிரம் பெற்ற ஏற்காட்டு இளைஞருக்கு அவ்வசதி இல்லை என்பதே இங்கு எடுத்துச்சொல்ல வேண்டிய வேறுபாடு.

விடுதி நடத்துவோரின் இடர் பழமையானது. 1930ஆம் ஆண்டின் சூதாட்டச் சட்டம், சூதாட இடம் தந்து அதிலிருந்து ஆதாயம் பெறுபவரையும் அங்கு ஆடுபவரையும் தனித்தனியே தண்டிக்கிறது. வார இறுதியில் அறையெடுத்துச் சீட்டாடும் நண்பர்களிடம் வாடகைக்கு மேல் ஆட்டத்துக்கெனத் தனித் தொகை வாங்கும்போது, விடுதிக்காரர் அச்சட்டத்தின் அருகே வந்துவிடுகிறார்.

வழக்கு வந்தால் மெய்ப்பிக்கப்படுவது எவ்வாறு என்பதை அறிந்தால், எது ஆபத்து என்பது விளங்கும். காவல் அதிகாரியிடம் அளிக்கும் ஒப்புதல் வாக்குமூலம் குற்றத்தை மெய்ப்பிக்கச் சான்றாகாது. ஆனால் இன்றைய லாட்டரி வழக்கு வாக்குமூலத்தை நம்பியிருப்பதில்லை. வங்கி தரும் யுபிஐ அறிக்கையையும், கைப்பேசியிலிருந்து எடுத்த உரையாடலையும், அவற்றுக்கு பாரதிய சாக்ஷ்ய அதிநியமம் என்னும் புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவு கோரும் மின்னணுச் சான்றிதழையும் நம்பியிருக்கிறது. காலை நேரத்தில் ஒரே கணக்குக்குப் பலரிடமிருந்து வரும் 30, 60, 90 ரூபாய்கள், பிற்பகல் 3 மணிக்கு முன் மொத்தமாக வெளியேறும் ஒரு தொகை என்ற வடிவம், எண் எதுவும் குறிப்பிடப்படாவிட்டாலும் தன்னைத்தானே அடையாளம் காட்டும். பரிசு விழுந்தும் பணம் தரப்படாவிட்டால் கேட்பதற்கு வழியில்லை என்பதும் இதன் மறுபக்கம்: பந்தய ஒப்பந்தங்கள் செல்லாதவை என்று 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 30ஆம் பிரிவு, சொல்வதால், வென்ற தொகைக்கு எந்த நீதிமன்றத்திலும் வழக்குத் தொடுக்க முடியாது.

பிடிபட்டவர்களுக்கு அடிக்கடி சொல்லப்படும் அறிவுரை, குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டிவிட்டு வந்துவிடலாம் என்பது. அபராதம் சில நூறு ரூபாயே ஆனாலும் அது குற்றத்தீர்ப்பு. காவலர் தேர்வுக்கு ஆயத்தமாகும் மலையாளிப் பழங்குடி இளைஞர்கள் இதனை அழுத்தமாக மனத்திற்கொள்ள வேண்டும். தமிழ்நாடு காவல் சார்நிலைப் பணி விதிகளின் 14(ஆ) விதி, குற்ற வழக்கில் தொடர்புடையவரைத் தகுதியற்றவராக்குவதோடு, சந்தேகத்தின் பலனில் விடுவிக்கப்பட்டவரையும் தொடர்புடையவராகவே கருதுகிறது. ஓர் எண்ணுக்குக் கட்டிய 30 ரூபாய், எழுத்துத் தேர்விலும் உடற்தகுதியிலும் தேறியவரைச் சரிபார்ப்பு நிலையில் நிறுத்திவிடக்கூடும் என்பதால், ஒப்புக்கொள்வதற்கு முன் வழக்கறிஞரைக் காண்பது இன்றியமையாதது.

கைதும் தானாக நிகழ வேண்டியதன்று. ஏழாண்டு வரை தண்டனையுள்ள குற்றங்களில் கைதுக்கான காரணத்தைக் காவல்துறை பதிவு செய்ய வேண்டும் என்று 2014இல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. கைது தேவையில்லாதபோது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 35(3)ஆம் பிரிவின்கீழ் நேரில் வருமாறு அறிவிப்பு தரப்படும். அவ்வறிவிப்பைப் பெற்றவர் குறித்த நாளில் சென்று ஒத்துழைக்கும்வரை, தகுந்த காரணம் பதிவு செய்யப்பட்டால் அன்றி, அக்குற்றத்துக்காகக் கைது செய்யப்படக் கூடாது. அறிவிப்பைப் புறக்கணித்துத் தோட்டத்துக்குள் ஒளிந்துகொள்வது கைதுக்கான காரணத்தைத் தாமே எழுதிக் கொடுப்பதற்கு ஒப்பாகும். வழக்கறிஞருக்குப் பணமில்லை என்பதும் இதற்குத் தடையாக வேண்டியதில்லை. 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டம், 12ஆம் பிரிவின்படி, பட்டியல் பழங்குடியினரும் பட்டியல் சாதியினரும் பெண்களும் வருமான வரம்பு எதுவும் இன்றி இலவச வழக்கறிஞரைப் பெற உரிமையுடையவர்கள்; அதற்கான விண்ணப்பத்தைச் சேலம் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் அளிக்கலாம், 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.